எவர்சில்வரும் ஒரு துண்டு காந்தமும்

பாத்திரக் கடைக்குக் காந்தத்தோடு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மையின் பின்னால் இருப்பது என்று ஏதோ ஒன்று கைப்பையில் இருக்கும். தட்டையோ குடத்தையோ எடுத்து அதன் மேல் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர், ஒட்டினால் மட்டம்.

"ஏங்க, இந்தக் குண்டான்ல காந்தம் ஒட்டுதே?"

"அக்கா, ஓரத்துலதான்க்கா ஒட்டும். நடுவுல வெச்சுப் பாருங்க."

கடைக்காரர் சமாளிப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஒரே தகட்டில் அடித்த ஒரே பாத்திரத்தில் நடுப்பகுதி காந்தத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க, விளிம்பு மட்டும் லேசாக இழுக்கலாம்.

அதே அக்காவின் பர்ஸில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தில் காந்தத்தை வைத்தால் பளிச்சென்று ஒட்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். 83 சதவீதம் இரும்பும் 17 சதவீதம் குரோமியமும் சேர்ந்த கலவை. நாணயத்துக்கான வெற்று வில்லைகளைச் செய்து தந்த ஆலைகளில் சேலம் உருக்காலையும் ஒன்று. வியர்வைக் கை, மீன் சந்தை, உண்டியல் என்று எங்கெல்லாமோ புரண்டு வந்தும் அந்தக் காசு துருப்பிடிப்பதில்லை. ஆகவே காந்தம் ஒட்டுவதற்கும் துருப்பிடிப்பதற்கும் நேரடி உறவு கிடையாது. காந்தம் வேறு எதையோ சொல்கிறது.

முதலில் துருவை எடுத்துக்கொள்ளலாம். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு ஒரு படலமாகப் படிகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் காற்றிலோ தண்ணீரிலோ உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் மறுபடி படர்ந்துவிடும். பாத்திரத்தில் பெயர் வெட்டிய இடம் துருப்பிடிக்காததற்கு இதுதான் காரணம். இந்த வேலை முழுக்கக் குரோமியத்துடையது. நிக்கலைச் சேர்ப்பது முக்கியமாக வேறொரு காரணத்துக்காக.

அந்தக் காரணம் இரும்பு அணுக்கள் அடுக்கப்படும் முறையில் இருக்கிறது.

பழக்கடையில் ஆரஞ்சுகளைக் கூம்பாக அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு ஓர் அடுக்குமுறை ஏற்கெனவே தெரியும். அதில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பழமும் பன்னிரண்டு பழங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். அணுக்கள் இப்படி நெருக்கமாக அடுங்கிய இரும்புக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். இன்னோர் அடுக்கு சற்றுத் தளர்ச்சியானது. அதில் ஒவ்வோர் அணுவையும் தொட்டு நிற்பவை எட்டுதான். அதற்கு ஃபெர்ரைட் என்று பெயர். சுத்த இரும்பு சாதாரண வெப்பத்தில் ஃபெர்ரைட்டாக இருக்கும். சூடாக்கிக்கொண்டே போனால் 912 டிகிரி செல்சியஸில் ஆஸ்டெனைட்டாக மாறும். 1394 டிகிரியில் மனம் மாறி மீண்டும் தளர்ந்த அடுக்குக்கே திரும்பி, 1538 டிகிரியில் உருகும். சாதாரண வெப்பத்தில் ஃபெர்ரைட்டைக் காந்தம் இழுக்கும், ஆஸ்டெனைட்டை இழுக்காது.

குரோமியம் ஃபெர்ரைட்டின் பக்கம். அதைச் சேர்க்கச் சேர்க்க, சூட்டில் ஆஸ்டெனைட் தோன்றுவதற்கான இடைவெளி சுருங்கும். கரி மிகக் குறைவாக இருந்தால், ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியத்தில் அந்த இடைவெளி மூடியே போய்விடும். அதன்பின் அந்த உருக்கு அடுப்புச் சூட்டிலிருந்து உருகும் வரை ஃபெர்ரைட்டாகவே கிடக்கும். நாணயம் அந்த வகை.

நிக்கல் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. போதுமான அளவு சேர்த்தால், சூட்டில் மட்டும் தலைகாட்டும் ஆஸ்டெனைட்டை அறை வெப்பம் வரைக்கும் கீழே கொண்டுவந்துவிடும். 18 பங்கு குரோமியத்துக்கு 8 பங்கு நிக்கல் என்ற விகிதம் அப்படிப் பிறந்தது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் க்ருப் ஆலையில் பென்னோ ஸ்ட்ராஸும் எட்வர்ட் மௌரரும் 1912இல் குரோமிய–நிக்கல் உருக்குக்கான காப்புரிமையோடு இந்த வழியைத் திறந்தார்கள். இன்று 304 என்ற எண்ணால் அறியப்படும் வகை அதன் வாரிசு. நெருக்கமான அந்த அடுக்கில் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாகச் சறுக்கும். அதனால் தட்டையான தகட்டை அச்சில் வைத்து அழுத்தி ஆழமான குண்டானாக இழுத்தாலும் கிழிவதில்லை. எவர்சில்வர் நம் சமையலறையைப் பிடித்ததற்கு அதன் பளபளப்பு பாதிக் காரணம் என்றால், இப்படி இழுபடும் குணம் மறுபாதி.

இப்போது கடைக்காரர் சொன்ன ஓரத்துக்கு வரலாம்.

304இல் இருக்கும் எட்டு சதவீத நிக்கல், ஆஸ்டெனைட்டை நிறுத்திவைக்கச் சரியாகப் போதுமான அளவு. தாராளமான அளவு அல்ல. வாடகை வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி அந்த அடுக்கு இருக்கிறதே தவிர, யாராவது பலமாகத் தள்ளினால் எழுந்துவிடும். தகட்டை அச்சில் அழுத்தி இழுப்பதுதான் அந்தத் தள்ளல். மிக அதிகமாக நீளும் இடங்களில் அணுக்கள் சட்டென்று இடம் மாறி, ஃபெர்ரைட்டை ஒத்த ஆனால் கடினமான இன்னோர் அடுக்குக்குப் போகின்றன. அதன் பெயர் மார்டென்சைட். காந்தம் அதை இழுக்கும்.

எவ்வளவு எளிதில் மாறும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஏஞ்சல் என்ற ஆய்வாளர் 1954இல் தந்த சூத்திரம் இன்றும் ஆலைகளில் புழங்குகிறது. குறிப்பிட்ட ஓர் அளவு இழுத்தால் ஆஸ்டெனைட்டில் பாதி மார்டென்சைட்டாகிவிடும் வெப்பநிலை என்ன என்று அது கேட்கிறது. 413இல் தொடங்கி, கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொகையைக் கழிக்க வேண்டும். 18.2 சதவீதம் குரோமியம், 8.1 சதவீதம் நிக்கல், 1.2 சதவீதம் மாங்கனீசு, 0.45 சதவீதம் சிலிக்கன், கரியும் நைட்ரஜனும் சேர்ந்து 0.09 சதவீதம் உள்ள ஒரு 304 தகட்டை எடுத்துக்கொள்வோம். குரோமியம் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 13.7 கழிக்கும், ஆக 249.3. நிக்கல் 9.5 வீதம் 77. மாங்கனீசு 8.1 வீதம் 9.7. சிலிக்கன் 9.2 வீதம் 4.1. கரியும் நைட்ரஜனும் துளியாக இருந்தாலும் விகிதம் 462 என்பதால் 41.6. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 31.

31 டிகிரி! சென்னையில் அது சாதாரணப் பகல் வெப்பம். அதாவது பட்டறையில் அச்சு கொஞ்சம் ஆழமாக இழுத்தாலே, விளிம்பிலும் வளைவிலும் கணிசமான பங்கு மார்டென்சைட்டாகிவிடும். அழுத்தம் அதிகம் படாத அடிப்பகுதியோ பழைய ஆஸ்டெனைட்டாகவே இருக்கும். அக்கா பார்த்த குண்டானின் கதை இதுதான். அதே கலவையில் நிக்கலை 10 சதவீதமாக உயர்த்தினால் விடை 13 டிகிரிக்கு இறங்கும். ஓரம் ஒட்டுவது வெகுவாகக் குறையும். இப்படி மாறிய பாத்திரத்தை 1050 டிகிரி அளவுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் மார்டென்சைட் மறைந்து பழைய அடுக்கு திரும்பிவிடும், காந்தமும் விட்டுவிடும். ஒட்டினாலும் விட்டாலும் குரோமியத்தின் அளவில் மாற்றம் ஏதும் இல்லை.

காந்தச் சோதனை உண்மையில் கவிழ்கிற இடம் வேறு. நிக்கல் விலை உயர்ந்த உலோகம். அதன் சந்தையும் நிதானமற்றது. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் நிக்கல் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தை நிர்வாகம் அன்றைய வணிகத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட உலோகத்துக்கு மாற்றுத் தேடாமல் இருப்பார்களா? மாங்கனீசும் நைட்ரஜனும் கரியும் செம்பும்கூட ஆஸ்டெனைட்டின் பக்கம் இழுப்பவைதான். இவற்றைச் சேர்த்து நிக்கலை வெகுவாகக் குறைத்த 200 வரிசை உருக்குகள் இந்தியப் பாத்திரச் சந்தையில் பெரும் இடம் பிடித்தன. மாங்கனீசு 9 அல்லது 10 சதவீதம், நிக்கல் ஒரு சதவீதத்தையொட்டி என்று வருகிற வகைகளும் அவற்றில் உண்டு.

இங்கேதான் சிக்கல். ஆஸ்டெனைட்டை இழுக்கும் சக்தி குறைந்ததால், எதிர்ப்பக்கம் இழுக்கும் குரோமியத்தையும் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் ஃபெர்ரைட் எட்டிப்பார்க்கும். ஆகவே மலிவான 200 வரிசையில் குரோமியம் 15 சதவீதத்தின் அக்கம்பக்கத்தில் நின்றுவிடுகிறது. அதிகம் இழுபடாத இடத்தில் காந்தம் இதில் ஒட்டாது. கடையில் கைப்பைக் காந்தம் இதற்கு முதல் மதிப்பெண் கொடுத்துவிடும். ஆனால் உப்புத் தண்ணீர் தேங்கினால், 17 சதவீதக் குரோமியம் கொண்ட "மட்டமான" நாணய வகையைவிட முன்னதாகவே இது புள்ளி விழக் கூடியது.

இந்த வகைக்கு இன்னொரு குறும்பும் உண்டு. ஆழமாக இழுத்த டம்ளர் அச்சிலிருந்து எந்தக் குறையும் இல்லாமல் வெளிவரும். அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார்த்தால் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு நேர்க்கோட்டு விரிசல் விழுந்திருக்கும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இழுத்தபோது விளிம்பில் உண்டான மார்டென்சைட், கரி அதிகம் என்பதால் மிகக் கடினமாக இருக்கிறது. அச்சை விட்டு வந்தபிறகும் விளிம்பைச் சுற்றி உள்ளிழுப்பு தங்கிவிடுகிறது. உருக்கில் இயல்பாகவே கரைந்திருக்கும் மில்லியனில் சில பங்கு ஹைட்ரஜன் மெல்ல அங்கே நகர்ந்து சேர்ந்ததும் விரிசல் தொடங்குகிறது. ஒரே மூச்சில் ஆழமாக இழுக்காமல் இரண்டு கட்டமாக இழுத்து, நடுவில் ஒருமுறை சூடாக்கித் தளர்த்தினால் இது நேராது. சூளைச் செலவைப் பார்த்து அந்தக் கட்டத்தைத் தாண்டிப்போகும் இடத்தில்தான் அடுக்கியிருந்த டம்ளர்கள் விரிகின்றன.

நாணய வகையான ஃபெர்ரைட்டுக்கு அநியாயமாகக் கெட்ட பெயர் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். 430 என்ற எண்ணுள்ள அந்த உருக்கு 304ஐவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். சூட்டில் குறைவாக விரியும். நிக்கல் இல்லாததால் விலையும் அடங்கியிருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு வந்தபிறகு அதற்கு மரியாதை கூடியது. அந்த அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். 304 குக்கரின் அடியில் அலுமினியத்தை நடுவில் வைத்து 430 தகடு ஒன்றைச் சேர்த்து ஒட்டுவது அதற்காகத்தான். காந்தத்தைக் கொண்டு பாத்திரத்தை ஒதுக்கிய அதே வீட்டில், இப்போது காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக் குக்கர் வாங்குகிறார்கள்! 430க்குக் குறையே இல்லை என்பதல்ல. ஆழமாக இழுக்க 304 அளவுக்கு இடம்கொடுக்காது. வெல்டிங் செய்த இடத்தில் படிகங்கள் பருத்து உடையும் தன்மை வந்துவிடும். கடும் குளிரிலும் நொறுங்கும்.

கத்தி இன்னொரு குடும்பம். நாணய உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் அது கடினமாகாது, ஏனென்றால் அது ஃபெர்ரைட்டை விட்டு வெளியே வருவதேயில்லை. கடினமாக வேண்டுமென்றால் சூட்டில் ஆஸ்டெனைட்டாக மாற வேண்டும். அதில் கரி கரைய வேண்டும். பிறகு கரி வெளியேற நேரம் கொடுக்காமல் குளிரவைக்க வேண்டும். சிக்கிக்கொண்ட கரியால் அடுக்கு கோணலாக விறைத்து நிற்பதுதான் கத்தியின் மார்டென்சைட். ஆகவே கத்தி உருக்கில் குரோமியம் துருவைத் தடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், ஆஸ்டெனைட்டின் வாசலை அடைத்துவிடும் அளவுக்குப் போகக் கூடாது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரேர்லி அந்த இடுக்கில்தான் காலை வைத்தார். துப்பாக்கிக் குழல்கள் சூட்டில் தேய்வதைத் தடுக்கும் உருக்கைத் தேடிக்கொண்டிருந்த அவர், 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கரியும் கொண்ட ஒரு வார்ப்பை எடுத்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்க முயன்றபோது அது மசியவில்லை. வினிகருக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அசையவில்லை. ஷெஃபீல்டில் இருந்துகொண்டு கத்தியை நினைக்காமல் இருக்க முடியுமா? ஆனால் ஊர்க் கத்திக் கொல்லர்களுக்கு அதன் சூட்டுப் பக்குவம் பிடிபடவில்லை. முதல் கத்திகள் சரியாக அமையவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ப்ரேர்லியைக் கேலி செய்தார்கள். பக்குவம் அவர்கள் பழகியதைவிட மிக அதிகமான சூட்டில் இருந்தது. இன்றைய சமையலறைக் கத்தி பெரும்பாலும் அந்த வார்ப்பின் நெருங்கிய உறவு. தட்டோடு ஒரே தொட்டியில் ஊறவைத்தால் கத்தியில் மட்டும் பழுப்புப் புள்ளி விழுவதற்கும் விடை அந்த வாசல் கணக்கில்தான் இருக்கிறது: குரோமியம் ஏறத்தாழ 13 சதவீதத்தில் நிற்கிறது, அதிலும் ஒரு பங்கைக் கரி தன்னோடு கட்டிப்போட்டுவிடுகிறது.

எட்டு சதவீத நிக்கலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது வெளிப்பட்ட விதம் கொடுமையானது. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே மாதம் மூடிய நீச்சல்குளம் ஒன்றின் கான்கிரீட் உள்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அந்தக் கூரையைத் தொங்கவிட்டிருந்தவை 18–8 வகை ஸ்டெயின்லெஸ் கம்பிகள். குளத்துக் காற்றிலிருந்த குளோரின் சேர்மங்கள் யாரும் கழுவாத அந்தக் கம்பிகளில் ஆண்டுக்கணக்கில் படிந்தன. கம்பியோ எப்போதும் பாரத்தால் இழுபட்டுக்கொண்டிருந்தது. இழுப்பும் குளோரைடும் ஒன்றுசேரும் இடத்தில் ஆஸ்டெனைட்டுக்குள் மரக்கிளை போலக் கவடுவிட்டு நுண்விரிசல் ஓடும். வெளியே தடிமன் குறையாது. முறிகிற வரை அடையாளம் தெரியாது.

இந்த விரிசலுக்கும் நிக்கலுக்கும் உள்ள தொடர்பை 1959இல் காப்ஸன் என்பவர் ஒரு வளைகோடாக வரைந்தார். நிக்கல் இல்லாதபோது தாங்கும் திறன் அதிகம். மிக அதிகமாக, 45 சதவீதத்துக்கு அருகில் இருந்தாலும் அப்படியே. நடுவில் வளைகோடு பள்ளத்தில் விழுகிறது; அந்தப் பள்ளத்தின் ஆழமான இடம் 8 சதவீதத்தின் பக்கத்தில் இருக்கிறது. மலிவாக ஆஸ்டெனைட்டைப் பெறுவதற்காகத் தேர்ந்தெடுத்த எண் இதுவாகப் போயிற்று.

அப்படியென்றால் இரண்டையும் பாதிப் பாதி வைத்துக்கொண்டால்? ஸ்வீடனின் அவெஸ்டா ஆலை 1930 வாக்கிலேயே அதைச் செய்தது. டூப்ளெக்ஸ் என்ற அந்தக் குடும்பத்தில் இன்று அதிகம் பயன்படும் வகையில் 22 சதவீதம் குரோமியம், சுமார் 5 சதவீதம் நிக்கல், 3 சதவீதம் மாலிப்டினம், துளி நைட்ரஜன். ஃபெர்ரைட் தரையில் ஆஸ்டெனைட் தீவுகள் கிடப்பதுபோல நுண்ணோக்கியில் தெரியும். ஒன்றில் தொடங்கும் விரிசலை மற்றொன்று தடுக்கிறது. வலிமையும் கூடுகிறது: 304 நிரந்தரமாக வளைவதற்குச் சதுர மில்லிமீட்டருக்கு 205 நியூட்டன் அளவு போதும், இதற்கு 450 வேண்டும். அதனால் மெல்லிய தகட்டிலேயே வேலை முடிகிறது. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் கடற்காற்று தின்றுவிட்ட பழைய கான்கிரீட் பாலத்துக்குப் பதிலாக, 2005இல் காலா கல்தானாவில் இந்த உருக்கில் ஒரு வளைவுப் பாலத்தையே கட்டினார்கள்.

டூப்ளெக்ஸ் செல்லப்பிள்ளை மாதிரி, கவனம் கேட்கும். வெல்டிங் சூடு தணிய மிகவும் தாமதமானால் சிக்மா என்ற நொறுங்கும் படிகம் உள்ளே பிறந்துவிடும். மிக வேகமாகத் தணிந்தால் ஆஸ்டெனைட் உருவாக நேரமில்லாமல் ஃபெர்ரைட் மிஞ்சிவிடும். சுமார் 300 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தாலும் உடையும் தன்மை வரும். நீச்சல்குளத்தின் மேல், கழுவ முடியாத இடத்தில் பாரம் தாங்கும் கம்பிக்கு இந்தச் சாதாரண டூப்ளெக்ஸையும் ஐரோப்பிய விதிகள் ஏற்பதில்லை. மாலிப்டினம் 6 சதவீதம் வரை ஏற்றிய உயர் கலவைகளைத்தான் கேட்கின்றன.

சமையலறைக்கு அவ்வளவு தேவையில்லை. பழைய இரும்புக் கடைகளில் 304ஐயும் 200 வரிசையையும் பிரிக்க ஒரு சின்னப் புட்டி வைத்திருப்பார்கள். தகட்டின் ஓரத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கி, திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் சில விநாடி தொடவைப்பார்கள். மாங்கனீசு மிகுந்த 200 வரிசை என்றால் சொட்டு சிவந்துவிடும். 304இல் அப்படிச் சிவக்காது. கைப்பைக் காந்தம் ஒட்டாமல் பாராட்டி அனுப்பிய எத்தனையோ பளபளத் தட்டுகளில் அந்தச் சொட்டு சிவக்கிறது.